கூட்டுக் கிணற்றின் ஊற்றை அளந்தறிதல்



நம் மக்களிற் பலருக்குக் கிணறு தனியுடைமையாக வாய்ப்பதில்லை. 1988-89ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பத்து இலட்சம் கிணறுகள் திட்டம் ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு உழவர்க்கும் மீட்கப்பெற்ற கொத்தடிமைத் தொழிலாளர்க்கும் உரியதாகவே வகுக்கப்பட்டது. அத்தகைய கிணறுகளைச் சில குடும்பங்கள் கூடிப் பயன்படுத்தும் இடங்களில் எழும் வழக்கு பெரும்பாலும் ஒன்றே: மோட்டார் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடலாம்? இவ்வினாவிற்குக் குரலை உயர்த்தி விடை காண இயலாது, அளந்து காணலாம். ஒரு கடிகாரம், எடை கட்டிய அளவுநாடா, இருநூறு லிட்டர் பீப்பாய் ஒன்று, குறிப்பேடு ஆகியவை இருந்தாற் போதும்.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கரும்பாறைப் பகுதி. அங்கே நீர் பாறை வெடிப்புகளின் வழியே மெல்லக் கசிந்து கிணற்றை வந்தடைகிறது. மோட்டாரைப் போட்டதும் வெளிவருவது ஊற்றுநீர் எனப் பலர் கருதுகின்றனர். முதலில் வருவதில் பெரும்பகுதி இரவெல்லாம் கிணற்றுக்குள் தேங்கிய சேமிப்பே. சேமிப்பையும் ஊற்றையும் பிரித்தறிவதே இச்சோதனையின் நோக்கம்.

தருமபுரிப் பக்கத்தில் காணக்கூடிய வட்டக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறுக்களவு 6 மீட்டர். ஆழம் 10 மீட்டர். நான்கு குடும்பங்களுக்குப் பொது. மாதம் தை. சோதனைக்கு முதல் நாள் அக்கிணற்றிலும் அண்டைக் கிணறுகளிலும் இறைப்பை நிறுத்திவிடல் வேண்டும். அண்டை வீட்டாரை இசையச் செய்வதுதான் இதில் கடினமான வேலை என்பது என் எண்ணம்! மறுநாட் காலை, கிணற்று மேட்டில் சுண்ணாம்பால் ஓர் அடையாளமிட்டு, அவ்விடத்திலிருந்தே ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒத்திருந்தால் அதுவே நிலைமட்டம். நம் கிணற்றில் அது 5 மீட்டர் ஆழத்தில் இருந்ததாகக் கொள்வோம்.

பின்னர் மோட்டாரை ஓட்டுக. வெளிவரும் நீர் மீண்டும் கிணற்றோரம் கசிந்திறங்காதவாறு குழாய் வழியே தொலைவிற் செலுத்துதல் வேண்டும். பீப்பாய் நிரம்பும் நேரத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறித்துக்கொள்க. மட்டம் தாழத் தாழ மோட்டார் அதிக உயரம் தூக்க நேர்வதால் நீர் குறையும். நம் கிணற்றில் தொடக்கத்தில் 24 விநாடி, முடிவில் 26, சராசரி 25. எனவே விநாடிக்கு 8 லிட்டர், மணிக்கு 28.8 கன மீட்டர். இடையில் மின்சாரம் நின்றால் அன்றைய சோதனையைக் கைவிட்டு, மட்டம் முழுதும் மீண்ட பின் புதிதாகத் தொடங்குவதே முறை.

மூன்று மணி நேரம் இறைத்த பின் மட்டம் 7.5 மீட்டருக்குச் சென்றது. அதாவது இறக்கம் 2.5 மீட்டர். இறைத்த நீர் 86.4 கன மீட்டர். கிணற்றின் வாய்ப்பரப்பு 28.3 சதுர மீட்டர் ஆதலின், சேமிப்பிலிருந்து குறைந்தது ஏறத்தாழ 70.7 கன மீட்டர். எஞ்சிய பதினாறு கன மீட்டருக்கும் குறைவான நீரே அம்மூன்று மணி நேரத்தில் ஊற்று அளித்தது.

மோட்டாரை நிறுத்திய கணத்திலிருந்து மீட்சியை அளக்கத் தொடங்குக. முதல் மணி நேரத்தில் மட்டம் 32 சென்டிமீட்டர் உயர்ந்தது. பலர் இங்கேதான் தவறான முடிவிற்கு வருகின்றனர். மணிக்கு 32 என்றால் எட்டு மணி நேரத்தில் கிணறு நிறைந்துவிடும் என்று பெருக்கிப் பார்த்து மகிழ்கின்றனர். உண்மை வேறு. மட்டம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாக நீர் உள்ளே வரும். மட்டம் உயர உயர வேகம் தளரும். நம் கிணற்றில் இறக்கம் 2.5 மீட்டரிலிருந்து பாதியாகக் குறைய 5 மணி நேரம் ஆயிற்று. அப்பாதி மீண்டும் பாதியாக இன்னும் 5 மணி நேரம் ஆயிற்று. பதினைந்து மணி நேரத்திற்குப் பின்னும் 31 சென்டிமீட்டர் குறைவாகவே இருந்தது. இறக்கம் பாதியாகும் இந்நேரத்தை அரைமீட்சி நேரம் என்று வழங்கலாம்.

வாய்ப்பரப்பை 0.693ஆற் பெருக்கி அரைமீட்சி நேரத்தால் வகுத்தால் ஊற்றின் வலிமை கிடைக்கும். இங்கே அது 3.92. ஒரு மீட்டர் இறக்கத்திற்கு மணிக்கு 3.92 கன மீட்டர் நீர் வரும் என்பது பொருள். எளிதாகச் சொன்னால், மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்து நிற்கும்போது ஊற்று மணிக்கு 14 சென்டிமீட்டர் ஏற்றும். இரண்டு மீட்டர் தாழ்ந்தால் 28. மோட்டாரோ மணிக்கு 102 சென்டிமீட்டர் இறக்கும். இவ்விரண்டையும் வைத்து அரை மணிக்கொரு தடவை கூட்டிக் கழித்து வந்தால், எந்நேரத்தில் மட்டம் எங்கே நிற்கும் என்பதை இளைஞர் எவரும் தாளிலேயே ஏறத்தாழக் கண்டுவிடலாம்.

இனி ஓட்டும் நேரம். புட்வால்வு 9 மீட்டரில் உள்ளது. அதன்மேல் அரை மீட்டர் நீராவது நிற்க வேண்டும். ஆகவே தாங்கக்கூடிய இறக்கம் 3.5 மீட்டர். ஒரே மூச்சில் ஓட்டினால் நாலரை மணி நேரத்தில் அவ்வெல்லையை எட்டிவிடும். அதற்கு மாறாக, காலையில் மூன்று மணி, மாலையில் மூன்று மணி என இடையே ஒன்பது மணி நேர ஓய்வு விட்டு ஓட்டினால், நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓட்டியும் இறக்கம் 3.1 மீட்டரைத் தாண்டாது. காரணம் யாதெனில், கிணறு நிறைந்து நிற்கும் நேரம் ஊற்றுக்கு வீண்; ஓரளவு தாழ்ந்து நிற்கும் நேரமே ஊற்று உழைக்கும் நேரம். ஆறு மணி நேரத்தை நான்கு குடும்பங்களுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்றரை மணி. கடைசியில் முறை வருவோர்க்கு நீர் சற்றுக் குறைவதால் முறையின் வரிசையை நாள்தோறும் மாற்றுவதே நீதி.

ஆயினும் இக்கணக்கிற்கு எல்லைகள் உண்டு. முதற் பாதிக்கு 5 மணி நேரமும் அடுத்த பாதிக்கு 8 மணி நேரமும் ஆனால் ஐயம் கொள்ளுங்கள். அண்டைக் கிணற்றில் எவரோ இறைக்கின்றனர். அல்லது சுற்றியுள்ள பாறையே வறண்டு வருகிறது. ஊற்றுக்கண் கிணற்றின் மேற்பகுதியில் இருந்தால், மட்டம் அதற்குக் கீழே சென்ற பின் எவ்வளவு இறைத்தாலும் வரத்து கூடாது. சுவரில் நீர் வழிவது கண்ணுக்கே தெரியும். கிணற்றுக்குள் பக்கத்துளை போட்டிருந்தாலும் இவ்வெளிய கணக்கு பிசகக்கூடும். தவிரவும், ஒரு நாட் சோதனை ஊற்றின் வேகத்தைச் சொல்லுமேயன்றிப் பாறைக்குள் உள்ள இருப்பைச் சொல்லாது. இருப்பை அறிவதற்குக் காலை மட்டமே சாட்சி. ஆறு மணி நேர முறையில் காலை மட்டம் நிலைமட்டத்திற்கு 90 சென்டிமீட்டர் அளவு கீழே நிலைபெறும்; அது இயல்பு. வாரம் முழுவதும் நாளுக்கு நாள் அது தாழ்ந்துகொண்டே போனால் நேரத்தை உடனே குறைத்தாக வேண்டும்.

கோடையில் சோதனையை மீண்டும் செய்தல் இன்றியமையாதது. சித்திரையில் நிலைமட்டம் 7 மீட்டருக்குச் சென்றால் தாங்கும் இறக்கம் ஒன்றரை மீட்டரே. ஊற்றின் வலிமை குறையாதிருந்தால்கூட இரு வேளையும் சேர்த்து இரண்டரை மணி நேரமே ஓட்டலாம். ஒரு குடும்பத்திற்கு நாற்பது நிமிடங்கூட இல்லை. மேல் வெடிப்புகள் வறண்டிருந்தால் அதுவும் குறையும். ஆகவே தையில் செய்த பங்கீட்டை நம்பிக் கோடைக்கும் நெல் நடாமல், பங்குனிக்குள் மறுமுறை அளந்து, கிடைக்கும் நிமிடங்களுக்கேற்ற பயிரை நால்வரும் கூடி முடிவு செய்துகொள்ளுங்கள்.