பாட்டில் ஓர் இடைவெளி
(கள்ளக்குறிச்சியில் தொடக்கநிலை ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நான் முதன்முதலில் எடுத்த பாடல் காணொலியை ஒன்றாம் வகுப்பில் போட்டுக் காட்டியபோது பிள்ளைகள் வாயைத் திறக்கவே இல்லை. ஒன்றரை நிமிடத்தில் 14 படங்கள் வைத்திருந்தேன். பாட்டும் நிற்காமல் ஓடியது. பிள்ளைகள் கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள். ஆனால் ஒருவரும் பாடவில்லை. அவர்கள் பாடுவதற்கு அதில் இடமே இல்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த முறை, கல்வராயன் மலைப் பிள்ளைகள் தினம் பார்க்கும் ஒன்றையே எடுத்துக்கொண்டேன். மலையில் பெய்கிற மழைதான் கோமுகி ஆறாகிக் கீழே வருகிறது. அதையே கேள்வியும் பதிலுமாக எழுதினேன்.

மலை மேலே என்ன வரும்?
மேகம் வரும்! மேகம் வரும்!
மேகம் வந்தால் என்ன வரும்?
மழை வரும்! மழை வரும்!

இப்படியே மழைக்குப் பின் ஓடை, ஓடைக்குப் பின் அருவி, அருவிக்குப் பின் ஆறு. மொத்தம் ஐந்து சுற்று. ஒரு சுற்றின் பதில் அடுத்த சுற்றின் கேள்வியில் வருவதால் வரிசை தானாக மனத்தில் நிற்கும்.

நிமிடத்துக்கு 80 தட்டு என்ற வேகத்தில் பாடினால் நான்கு தட்டுக்கு 3 வினாடி ஆகும். இரண்டாம் சுற்றுக்கு நான் எழுதிய காட்சிக் குறிப்பு இது:

முதல் 3 வினாடி: மலையும் மேகமும். குரல் கேள்வி கேட்கும்.
அடுத்த 3 வினாடி: அதே மலை, அதே மேகம், மழை மட்டும் புதிது. குரல் பதில் சொல்லும். விரல்களை ஆட்டியபடி கைகள் கீழே இறங்கும்.
கடைசி 3 வினாடி: படம் அசையாது. குரல் இல்லை, தாளம் மட்டும். பிள்ளைகள் பாடிச் செய்வார்கள்.

ஒரு சுற்றுக்கு 9 வினாடி. ஐந்து சுற்றுக்கு 45 வினாடி. அதன்பின் குரல் கேள்வியை மட்டும் கேட்கும், பதில் முழுக்கப் பிள்ளைகளுடையது. அதற்கு 30 வினாடி. ஆக ஒன்றேகால் நிமிடத்தில் காணொலி முடிந்துவிடும்.

அந்தக் கடைசி 3 வினாடியில் எதையும் நுழைக்காதீர்கள். பட்டாம்பூச்சி ஒன்று பறந்தாலும் போதும், பிள்ளை பாடுவதை விட்டுவிட்டு அதைப் பார்க்கும். சைகையிலும் இடம், வலம் வேண்டாம். திரையில் நாம் வலக்கையைத் தூக்கினால் எதிரே இருக்கும் பிள்ளை இடக்கையைத் தூக்கும். மேல், கீழ், முன் என்றே வைத்தேன். மேகத்துக்குத் தலைக்கு மேல் கை, ஓடைக்கு நெஞ்சிலிருந்து முன்னே நெளியும் கை. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம்.

இத்தனை செய்தும் ஒரு தவறு தங்கிவிட்டது. பாடி முடித்தபின் ‘மலை’ எழுதச் சொன்னேன். ஒரு சிறுமி ‘மாலை’ என்று எழுதினாள். அவள்மீது குற்றமில்லை. தாளத்தை நிரப்ப நான் ‘மா...லை’ என்று இழுத்துப் பாடியிருந்தேன். அவள் காதில் விழுந்ததை எழுதினாள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, மெட்டில் நானே அதை அழித்திருக்கிறேன்.

பாட்டை மாற்றவில்லை, தட்டை மாற்றினேன். ‘மழை’ இரண்டு எழுத்தும் ஒரே தட்டில், ‘வரும்’ அடுத்த தட்டில். ‘அருவி’ மூன்று எழுத்தும் ஒரே தட்டுக்குள். நீட்ட வேண்டிய இடத்தில் ‘வரும்’ என்பதன் கடைசி மெய்யில் நீட்டினேன். ‘ம்ம்’ என்று முனகி நீட்டினால் எந்தக் குறிலும் நெடிலாகாது. ‘மேகம்’, ‘ஓடை’, ‘ஆறு’ ஆகியவற்றில் நெடில் இயல்பாக நீளும். குறில் நெடில் வேறுபாடு காதிலேயே விழுந்துவிடும். பதிவு செய்யும் முன் ஒவ்வொரு சொல்லையும் முதலில் பேசிப் பாருங்கள், பிறகு பாடிப் பாருங்கள். இரண்டும் ஒரே சொல்லாகக் கேட்க வேண்டும்.

காணொலி பயன்பட்டதா என்று அறிய, மூன்றாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டுவேன். பிள்ளைகள் தாமாகப் பாடினால் படமும் சொல்லும் சேர்ந்துவிட்டன என்று பொருள். ஓரிடத்தில் தடுமாறினால் அந்தச் சுற்றின் படம் தெளிவாக இல்லை. எங்களுக்கு ஓடையும் அருவியும் ஒன்றுபோல் இருந்தன. அருவியைப் பாறையிலிருந்து நேராக விழுவதாக மறுபடி வரைந்தோம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பாடத் தெரிந்த பிள்ளைக்குப் படிக்கத் தெரிந்துவிட்டதாகாது. திரையை அணைத்தபின் ஐந்து சொல்லட்டைகளைக் கலைத்துக் கொடுங்கள். பாட்டின் வரிசையில் அடுக்கட்டும். அந்தச் சிறுமி அட்டைகளை அடுக்கிவிட்டு, ‘மலை’ என்று எழுதிக் காட்டினாள். இந்த முறை கால் போடவில்லை.