ஓர் ஆசிரியர், இரண்டு தரங்கள், ஒரு வாரம்



நம் பழைய மாணவிகளுள் ஆசிரியத் தொழிலை ஏற்றவர்கள் பலர். மாத்தளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் மூன்றாம், நான்காம் தரங்களை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் நாங்கள், வாரத் திட்டத்தை எப்படி எழுதுகிறோம் என்பதை இங்கு கூற விரும்புகிறோம்.

ஒரு தரத்துக்குக் கற்பிக்கும்போது மற்றத் தரம் என்ன செய்யும்? எங்கள் திட்டம் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. ஆசிரியர் இல்லாத பக்கத்து வேலையைத்தான் முதலில் எழுதுகிறோம். அந்த வேலை பிள்ளைகள் முன்பே கற்றதாக இருக்க வேண்டும். புதிய பாடம் ஒரு நேரத்தில் ஒரு தரத்துக்கு மட்டுமே.

கணிதத்தை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை நான்காம் தரத்துக்கு மீதி வரும் வகுத்தல் புதிது. 23 புளியங்கொட்டைகளை ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நான்கு, மீதி மூன்று. அதே நேரம் மூன்றாம் தரம் 20 கொட்டைகளை நான்கு நான்காகக் குவித்து, 5 × 4 = 20 என்று எழுதிப் பழகும். அது அவர்கள் அறிந்த பெருக்கல். செவ்வாய்க்கிழமை நாங்கள் பக்கம் மாறுகிறோம். மூன்றாம் தரம் அந்த 20 கொட்டைகளைப் பங்கிட்டு வகுத்தலைத் தொடங்கும். நான்காம் தரம் முதல்நாள் கற்றதைச் செய்து பார்க்கும். புதன், வியாழனும் இப்படியே மாறி மாறி நடக்கும்.

சுற்றாடல் பாடத்தை இரு தரங்களுக்கும் சேர்த்தே நடத்தலாம். நீர் பற்றிப் பேசிய பின், மூன்றாம் தரம் பீலியையும் ஓடையையும் வரைந்து பெயரிடும். நான்காம் தரம் அந்த நீர் எப்படி அழுக்காகிறது என்று நான்கு வசனம் எழுதும்.

திட்டம் பிழைப்பதை மேசையருகே பார்த்தாலே தெரியும். ஒரே சந்தேகத்தோடு பலர் வந்து நின்றால், கொடுத்த வேலையில் கற்பிக்காத ஏதோ ஒன்று இருக்கிறது. கொப்பியை மூடிவிட்டுக் கதைத்தால், வேலை போதவில்லை. அதற்காக ஒவ்வொரு வேலையின் கீழும், முடித்தவர்கள் இருவராகச் சேர்ந்து செய்ய இன்னொன்றை எழுதி வைக்கிறோம். இரண்டு நாள் மழைக்குப் பிள்ளைகள் வராமற்போனால் வரிசையே குலையும். ஆகவே வெள்ளிக்கிழமைக் கணித நேரத்தில் புதிதாக எதையும் வைப்பதில்லை. தவறியவை அப்போது நடக்கும்.

அன்று கொப்பிகளை விரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் அவ்வாரம் எத்தனை புதிய பாடம் கிடைத்தது என்று எண்ணுகிறோம். அடுத்த வருடம் புலமைப்பரிசில் வகுப்பு என்பதால் மனம் நான்காம் தரத்தின் பக்கமே சாயும். மூன்றாம் தரமோ கரும்பலகையைப் பார்த்தெழுதியபடி அமைதியாக இருக்கும். குறை சொல்ல அதற்குத் தெரியாது. எண்ணிக்கை குறைந்த தரத்துக்கே அடுத்த திங்களின் முதற் பாடம்.