88 என்ற ஒற்றை எண்

ஒரு மாணவியின் நுண்ணறிவு ஈவு 88 என்று அறிக்கை வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 100. உடனே 'மந்தம்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அறிக்கையின் உள்ளே பாருங்கள்: சொல்லறிவில் 108, குறியீடுகளைப் பார்த்து விரைந்து எழுதுவதில் 70. பாடம் அவளுக்குப் புரிகிறது, வேகம்தான் போதவில்லை. கண் பார்வைக் குறைகூடக் காரணமாக இருக்கலாம், முதலில் அதைப் பரிசோதியுங்கள்.

இச்சோதனைகள் மொழி, தர்க்கம், நினைவு, வேகம் ஆகியவற்றை அளக்கும். ஆர்வமும் விடாமுயற்சியும் அவற்றில் அகப்படாது. இன்னொரு நாள் வைத்தால் நாலைந்து புள்ளி ஏறி இறங்குவதும் சகஜம். 1905இல் பாரிசில் இத்தகைய சோதனையைத் தொடங்கிய ஆல்பிரெட் பினே, உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியவே அதை உருவாக்கினார்.

ஆசிரியர்களே, வகுப்புத் தேர்வு வினாத்தாளை அந்த மாணவிக்குக் கூடுதல் நேரத்துடன் கொடுத்து, அப்போது எடுக்கும் மதிப்பெண்ணையும் அந்த 88க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.