நான்கு கட்டங்களிலிருந்து மூன்று செயல்களுக்கு: ஒரு தமிழ்மொழிப் பணித்தியத்தின் ஆண்டுத் திட்டம்



பள்ளிகளில் ஒவ்வோர் ஆண்டும் பணித்தியக் கோப்பு ஒன்று உருவாகின்றது. அதன் முன்பக்கங்களில் நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை இருக்கும்: வலிமை, நலிவு, வாய்ப்பு, இடர். சுவாட் பகுப்பாய்வு என்று நாம் அழைப்பது இதனைத்தான். அதற்குச் சில பக்கங்கள் கழித்து ஆண்டுத் திட்டம் வரும். பல கோப்புகளைப் புரட்டிப் பார்த்ததில் நாம் கண்டது ஒன்று: முதல் பகுதியைக் கிழித்துவிட்டாலும் இரண்டாம் பகுதியில் ஒரு வரிகூட மாறாது. அவ்விரண்டிற்குமிடையே உள்ள அந்த வெற்றிடத்தைக் கடப்பது எவ்வாறு என்பதே இன்றைய உரையின் பொருள்.

இக்குறை நம் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. டெர்ரி ஹில், ராய் வெஸ்ட்புரூக் ஆகிய ஆய்வாளர் இருவர், இருபது நிறுவனங்கள் இப்பகுப்பாய்வைப் பயன்படுத்திய முறையை ஆராய்ந்து 1997ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். பட்டியல்கள் நீளமாக இருந்தன. சொற்கள் பொதுவாக இருந்தன. பின்னர் திட்டம் வகுத்தபோது அப்பட்டியல்களை எவரும் பயன்படுத்தவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. கருவி பழுதன்று, பட்டியலோடு பணி முடிந்ததாகக் கருதியதே பழுது.

நாம் எடுத்துக்கொள்ளும் பணித்தியம்

விளக்கத்திற்காக ஒரு பணித்தியத்தை அமைத்துக்கொள்வோம். கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளி. தமிழாசிரியர் இருவர். தமிழ் பயில்வோர் ஐந்து படிவங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 80 பேர். எண்கள் நாம் அமைத்தவை. நிலைமை நீங்கள் அறிந்ததே.

இப்பணித்தியம் முதலில் எழுதிய பட்டியலில் நலிவின் கீழ், ‘மாணவரிடையே தமிழ் பயிலும் ஆர்வம் குறைவு’ என்றிருந்தது. இடரின் கீழ், ‘15 மாணவர் இல்லையேல் நான்காம் படிவ வகுப்பு மூடப்படும்’ என்றிருந்தது. வலிமையின் கீழ், ‘அர்ப்பணிப்புள்ள ஆசிரியர்கள்’ என்றிருந்தது. இவற்றிலிருந்து எந்தச் செயலும் பிறக்காது. ஆர்வம் குறைவு என்று எழுதியவர் திட்டத்தில் ‘ஆர்வமூட்டும் நிகழ்ச்சி’ என்றுதான் எழுதுவார். அந்நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரு தமிழ் விழாவாகவே முடியும்.

சான்று கேட்டல்

ஆகவே முதற்படி, ஒவ்வொரு வரியையும் நோக்கி, ‘இஃது எவ்வாறு தெரியும்?’ என்று கேட்பது. விடையில் ஓர் எண்ணோ, ஒரு பதிவேடோ, நேரில் கேட்டறிந்த செய்தியோ இருத்தல் வேண்டும்.

ஆர்வம் குறைவு என்ற வரியை எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு மூன்றாம் படிவத்தில் தமிழ் பயின்றோர் 19 பேர். இவ்வாண்டு நான்காம் படிவத்தில் தொடர்வோர் 12 பேர். விலகியோர் எழுவர். எழுவரையும் தனித்தனியே அழைத்துக் கேட்பதற்கு ஒரு பிற்பகல் போதும். நால்வர், தமிழ் வகுப்பு பள்ளி நேரத்திற்குப் பின்னர் நடைபெறுவதால் பள்ளிப் பேருந்தைத் தவறவிட நேர்கின்றது என்றனர். இருவர், எஸ்.பி.எம். கட்டுரைக்கு அஞ்சுவதாகக் கூறினர். ஒருவர் வேறு பள்ளிக்கு மாறிச் சென்றார். ‘ஆர்வமில்லை’ என்று கூறியவர் ஒருவருமில்லர். விழா நடத்தியிருந்தால் இவ்வெழுவரில் எவரும் திரும்பியிருக்கமாட்டார்.

அடுத்து இடர். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுவது, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்யப்படும் என்பதாகும். அவ்வெண் பள்ளிக்கு உரியது. ஒவ்வொரு படிவத்திற்கும் உரியதன்று. படிவங்களை எவ்வாறு குழுவாக்குவது, எந்நேரத்தில் நடத்துவது என்பன பள்ளி நிர்வாகத்தின் முடிவுகள். ஆகவே பணித்தியம் அஞ்சிய சட்ட இடர் அதன் வாயிலில் நிற்கவில்லை. உண்மையான இடர், கால அட்டவணையில் தமிழுக்குக் கிடைக்கும் இடம். முன்னதைப் பற்றிக் கவலைப்படத்தான் முடியும். பின்னதைப் பற்றிப் பேச முடியும்.

அர்ப்பணிப்பு என்ற சொல்லையும் அவ்வாறே பிரித்துப் பார்த்தனர். ஆசிரியர் ஒருவர் எஸ்.பி.எம். தமிழ்த் தாள்களைத் திருத்திய பட்டறிவுடையவர். இது பயன்படுத்தத்தக்க வலிமை. வாய்ப்பின் கீழ், அண்மையிலுள்ள தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர் பலர் ஆண்டுதோறும் இப்பள்ளிக்கே வருகின்றனர் என்று எழுதினர். அவர்களுள் எத்தனை பேர் தமிழைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைப் பதிவேடு கூறும்.

அகமும் புறமும்

வலிமையும் நலிவும் நம்முள் இருப்பவை. வாய்ப்பும் இடரும் வெளியில் இருப்பவை. இவ்வெல்லை மயங்கினால் திட்டமும் மயங்கும். ‘இதனை மாற்றும் அதிகாரம் நம் கூட்டத்திற்கு உண்டா?’ என்ற ஒரு வினா எல்லையைக் காட்டிவிடும். கட்டுரைப் பயிற்சி நம் கையில் இருக்கின்றது. ஆகவே அதன் குறை நலிவு. பேருந்து நேரம் நம் கையில் இல்லை. ஆகவே அஃது இடர்.

புறநிலை மாறக்கூடியதே என்பதற்கு நம் வரலாற்றில் சான்றுண்டு. எஸ்.பி.எம். தேர்வில் ஒருவர் பத்துப் பாடங்களுக்கு மேல் எழுதலாகாது என்ற முடிவு 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபடும் என்று தமிழ் அமைப்புகள் குரல் எழுப்பின. பின்னர் மேலும் இரண்டு பாடங்களுக்கு இடமளிக்கப்பட்டது. அது நாடளாவிய முயற்சி. ஒரு பள்ளிப் பணித்தியத்தின் ஆண்டுத் திட்டத்தில் அத்தகைய குறிக்கோளை எழுதினால் அது கோப்பிலேயே உறங்கும்.

இணைத்துப் பார்த்தல்

நான்கு கட்டங்களையும் தனித்தனியே வைத்திருந்தால் செயல் பிறவாது. ஓர் அகவரியையும் ஒரு புறவரியையும் இணைக்கும்போதுதான் பிறக்கும். ஹைன்ஸ் வைரிச் என்பவர் 1982ஆம் ஆண்டில் இம்முறையை ஓர் அட்டவணையாக வகுத்தார். நம் பணித்தியம் அவ்வாறு இணைத்தபோது மூன்று வரிகள் உயிர் பெற்றன.

கட்டுரை அச்சம் என்னும் நலிவோடு மாணவர் விலகல் என்னும் இடரை இணைத்தபோது, மூன்றாம் படிவத்திலேயே குறுங்கட்டுரைப் பயிற்சி தொடங்குதல் என்ற செயல் வந்தது. தாள் திருத்திய ஆசிரியரின் பட்டறிவு அதற்குத் துணை. விலகியோர் கூறிய காரணங்கள் கையில் இருப்பது வலிமை. அதனைக் கால அட்டவணை இடரோடு இணைத்தபோது, நிர்வாகத்திடம் ஒரு பக்க வேண்டுகோள் அளித்தல் என்பது வந்தது. தமிழ்ப்பள்ளி வாய்ப்பை இணைத்தபோது, ஆறாம் ஆண்டுப் பெற்றோரைச் சந்தித்துப் பதிவு நாளில் உடனிருத்தல் என்பது வந்தது. இவையன்றி விழா, இதழ், நூலகப் போட்டி முதலிய வேறு ஆறு எண்ணங்களும் வந்தன.

தேர்ந்தெடுத்தல்

ஒன்பதில் எவற்றைக் கொள்வது? சிறிய பணித்தியத்தில் பணத்தைவிட விரைவில் தீர்ந்துபோவது ஆசிரியரின் நேரம். ஆசிரியர் இருவரும் வாரத்திற்கு ஒரு மணி நேரம் கற்பித்தலுக்கு அப்பால் ஒதுக்கினால், 40 வாரங்களில் 80 மணி. கூட்டம், போட்டி, கோப்புப் பணி ஆகியவற்றிற்கு 30 மணி சென்றுவிடும். எஞ்சுவது 50.

குறுங்கட்டுரைப் பயிற்சி: இவ்வாண்டு மூன்றாம் படிவத்தில் 20 மாணவர், ஆளுக்குப் பத்துக் கட்டுரை, ஒன்றைத் திருத்த ஆறு மணித்துளி, மொத்தம் 20 மணி. பெற்றோர் சந்திப்பும் பதிவு நாளும் 10 மணி. வேண்டுகோள் தயாரித்தல் 6 மணி. ஆக 36. எஞ்சிய 14 மணியை எதிர்பாராப் பணிகளுக்கென விட்டுவைத்தல் வேண்டும். விழாவிற்கு மட்டும் 40 மணி தேவை. அதனைக் கைவிட்டது விழாவின்மீது உள்ள வெறுப்பாலன்று. எழுவரின் விடையில் அதற்கு இடமில்லாமையாலும், அது மற்ற மூன்றையும் விழுங்கிவிடும் என்பதாலும். கைவிட்டவற்றையும் காரணத்தோடு கோப்பில் எழுதிவைத்தல் நன்று. இல்லையேல் அடுத்த கூட்டத்தில் அவை மீண்டும் நுழைந்துவிடும்.

எழுதும் முறை

தேர்ந்த செயலைத் திட்டத்தில் எழுதும்போது, யார், என்ன, எந்நாளுக்குள், எதனால் அறிவோம் என்னும் நான்கும் இடம்பெற வேண்டும். ‘கட்டுரைத் திறனை மேம்படுத்துதல்’ என்பது செயலன்று. ‘மூன்றாம் படிவ ஆசிரியர், மூன்றாம் வாரம் முதல் இரு வாரத்திற்கு ஒருமுறை, வகுப்பில் 80 சொல் குறுங்கட்டுரை எழுதச் செய்து, அடுத்த வாரத்திற்குள் திருத்தித் தருவார்’ என்பது செயல். கால அட்டவணை வேண்டுகோளுக்கு நாளே உயிர். அடுத்த ஆண்டு அட்டவணை உறுதியான பின்னர் அளிக்கும் வேண்டுகோள் ஓராண்டு பிந்தியதாகும்.

அளவுகோலை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஆண்டு முடிவில்தான் தெரிவது, 20 பேரில் எத்தனை பேர் தொடர்கின்றனர் என்பது. இலக்கு 17 என்க. இடையிலேயே தெரிவது, ஐந்தாம் கட்டுரைவரை விடாமல் எழுதியோர் எத்தனை பேர் என்பது. இரண்டாம் பணித்தியக் கூட்டத்தில் அவ்வெண் பத்துக்கும் குறைவாக இருப்பின், முறையை மாற்ற வேண்டும் என்றும் முன்கூட்டியே எழுதிவைப்போம். தலைப்பு கடினமா, நீளம் கூடியதா, திருத்திய தாள் காலந்தாழ்ந்து வருகின்றதா என்று அப்போது ஆராயலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. சிறிய எண்களை விழுக்காட்டில் எழுதாதீர்கள். 12 பேர் உள்ள வகுப்பில் ஒரு மாணவர் எட்டு விழுக்காட்டிற்கும் மேல். ஒருவர் இடம்பெயர்ந்தால் திட்டம் தோற்றதாகவும், ஒருவர் சேர்ந்தால் வென்றதாகவும் அட்டவணை காட்டும். ஆள் எண்ணிக்கையையும் காரணத்தையும் எழுதினால் அம்மயக்கம் நேராது. ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிச் சென்றால் மூன்று செயல்களும் தள்ளாடும் என்பதும் உண்மையே. அதனைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் கட்டுரைத் தலைப்புகளும் திருத்தக் குறிப்புகளும் பணித்தியக் கோப்பில் இருந்தால், அடுத்து வருபவர் தொடரலாம்.

ஆண்டிறுதியில் மூன்று செயல்களையும் விலகியோர் கூறிய காரணங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நால்வரைத் தடுத்த பேருந்துச் சிக்கல் தீராமலே கட்டுரைப் பயிற்சி மட்டும் சிறப்பாக நடந்திருக்கலாம். அப்போது தொடர்வோர் எண்ணிக்கை பெரிதாக உயராது; அது பயிற்சியின் தோல்வியுமன்று. அடுத்த ஆண்டின் இடர்க் கட்டத்தில் முதல் வரியாக எழுத வேண்டியது எது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். ஓராண்டுத் திட்டத்தின் முடிவு மறு ஆண்டுப் பகுப்பாய்வின் சான்றாவது இவ்வாறுதான்.

மாணவர்களுக்கு ஒரு சொல். விலகும்போது காரணத்தைக் கூறிவிட்டு விலகுங்கள். அவ்வெழுவரின் விடை இல்லாதிருந்தால் இத்திட்டம் பிறந்திராது.