அட்டையில் இருப்பது பாதிப் பேச்சு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட மொழிபெயர்ப்பு அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)

மொழிபெயர்ப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேராசிரியன் இல்லை. பகலில் வங்கிக் குமாஸ்தா, ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். கோட்பாடு பேசுவதற்கு இங்கே என்னைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எங்கள் ஊரில் போராட்டப் புகைப்படக் கண்காட்சி ஒன்று வைத்தோம். அதில் ஒரு படம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்து மெம்பிஸ் நகரத்தில், 1968 மார்ச் 28 அன்று, கறுப்பினப் புகைப்படக்காரரான எர்னஸ்ட் விதர்ஸ் எடுத்தது. கிளேபார்ன் டெம்பிள் என்கிற தேவாலயத்துக்கு வெளியே துப்புரவுத் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லார் கையிலும் ஒரே வாசகம் எழுதிய அட்டை: 'ஐ ஆம் எ மேன்.'

நான்கே சொல். இரண்டாம் வகுப்புப் பிள்ளை கூட மொழிபெயர்க்கும். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதி, படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது நகராட்சியில் துப்புரவு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்: "தம்பி, இவங்க மனுசங்கன்னுதான் பாத்தாலே தெரியுதே. இதை எதுக்கு அட்டையில எழுதிப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும்?"

என்னிடம் பதில் இல்லை. அந்தப் போராட்டம் யாருடையதோ, அவர்களின் சொந்தக்காரர் மாதிரியான ஒரு மனுசனிடமே அந்த வாசகம் போய்ச் சேரவில்லை. நான் ஒரு சொல்லையும் விடவில்லை, ஒரு சொல்லையும் கூட்டவில்லை. இருந்தும் அதில் ஒன்றுமே இல்லை.

ஏன் இல்லை? அந்த அட்டை ஒரு பதில். எந்தச் சொல்லுக்குப் பதிலோ அந்தச் சொல் அட்டையில் இல்லை. அது 'பாய்' என்கிற சொல். அகராதியில் பையன், சிறுவன் என்று போட்டிருக்கும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளைக்காரர்கள் அறுபது வயதுக் கறுப்பரையும் 'பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். 'மிஸ்டர்' என்ற மரியாதை அவர்களுக்குக் கிடையாது. பேரன் பேத்தி எடுத்தவனையும் வளராதவனாகவே நிறுத்தி வைக்கிற சொல் அது. ஆங்கிலத்தில் பாய்க்கு எதிர்ச்சொல் மேன். 'ஐ ஆம் எ மேன்' என்றால், 'நீ கூப்பிடுகிற அது நான் இல்லை' என்று அர்த்தம். மெம்பிஸ்காரர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. காலையில்தான் யாராவது அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள்.

இந்தச் சொல் பிற்பாடு நீதிமன்றத்துக்கும் போனது. அலபாமா மாநிலத்தில் ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலை. பதவி உயர்வு மறுக்கப்பட்ட இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள், மேலாளர் தங்களை 'பாய்' என்று கூப்பிட்டதைப் பாகுபாட்டுக்குச் சான்றாகச் சொன்னார்கள். முன்னால் 'கறுப்பு' என்ற அடை இல்லாமல் வெறும் 'பாய்' மட்டும் சான்றாகாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அகராதி பார்த்துச் சொன்ன தீர்ப்பு மாதிரி இருக்கிறது. 2006இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. சூழல், தொனி, உச்சரிப்பின் ஏற்ற இறக்கம், அந்த ஊர் வழக்கம், அந்தச் சொல் புழங்கிய வரலாறு, இவற்றைப் பொறுத்துத்தான் அர்த்தம் என்றது. மொழிபெயர்க்கிற தோழர்கள் இந்த ஐந்தையும் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

இது நமக்குப் புரியாத சங்கதியா என்ன? பெயர் இருக்கும்போதே 'டேய்' என்று கூப்பிடப்படுவது என்னவென்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கவுண்டரிலேயே பார்க்கிறேன். வேட்டி மடிப்புக் கலையாதவர் வந்தால் "வாங்க, உட்காருங்க". அவர் பின்னாலேயே சேரியிலிருந்து அவர் அப்பன் வயசில் ஒருவர் வந்தால் "என்னா வேணும், கையெழுத்துப் போடுவியா?" இந்த 'போடுவியா'வை இங்கிலீஷில் மொழிபெயர்த்தால் அதே பழைய 'யூ'தான் வரும், அவமானம் வராது. அவர்களுடைய 'பாய்' நம்மிடம் வரும்போது நடப்பதும் இதுதான்.

இரண்டாவது சிக்கல் இலக்கணம். படத்தை உற்றுப் பாருங்கள். அட்டையில் 'ஆம்' என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருக்கும். 1787இல் இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்களுக்காக ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் தொழிலதிபர் ஒரு பதக்கம் செய்தார். சங்கிலியோடு மண்டியிட்டிருக்கும் அடிமை அதில் கேட்கிறார்: நான் ஒரு மனிதனும் சகோதரனும் இல்லையா? மெம்பிஸில் மண்டியும் இல்லை, கேள்வியும் இல்லை. அந்த அடிக்கோடு, 'ஆமாம், இருக்கிறேன், மறுத்துப் பார்' என்கிறது.

தமிழில் அந்தக் கோட்டை எங்கே போடுவது? 'நான் மனிதன்' என்றால் வாக்கியம் முடிந்தது. நடுவில் வினைச்சொல்லே கிடையாது. போதாக்குறைக்கு நான் போட்ட 'ஒரு' வேறு. 'ஒரு ஊர்ல ஒரு மனுசன்' என்று கதை ஆரம்பிக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆங்கிலத்து 'எ' எல்லாம் தமிழில் 'ஒரு' ஆக வேண்டியதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அன்று ராத்திரி நான்கைந்து பேர் உட்கார்ந்து வேறு வேறு விதமாக எழுதிப் பார்த்தோம். 'நானும் மனிதன்' என்றார் ஒரு தோழர். அந்த 'உம்' நம்மை வரிசையில் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. முதல் மனிதன் அவன், அப்புறம் நானும். இடம் கேட்கிற குரல் அது. 'நான் ஆள்' என்று வைத்துப் பார்த்தோம். நம் ஊரில் ஆள் என்றால் பண்ணையாள், கூலியாள். எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறோமோ அதிலேயே போய் விழுகிறது. 'நான் ஆம்பள' என்றால் சினிமா வசனம். மெம்பிஸில் குப்பை அள்ளியவர்கள் ஆண்கள். நம் ஊரில் விளக்குமாறு பிடித்திருப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர்? அந்த அக்காமார்கள் "அப்ப நாங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது? 'மேன்' என்ற ஒரே சொல்லில் மனிதன், வளர்ந்த ஆண் இரண்டும் இருக்கின்றன. தமிழில் ஒன்றை எடுத்தால் இன்னொன்று போகும்.

இதே போராட்டத்தின் இன்னொரு அட்டையையும் சொல்ல வேண்டும். 'மேஸ் வோன்ட் ஸ்டாப் ட்ரூத்.' அகராதியில் மேஸ் என்றால் ஜாதிபத்திரி, பிரியாணிக்குப் போடுவோமே அது. 'ஜாதிபத்திரி உண்மையைத் தடுக்காது' என்று ஒரு மாணவர் எழுதிக்கொண்டு வந்தார். சிரித்தோம், தப்பு என்று தெரிந்துபோனது. இன்னொருவர் அகராதியின் அடுத்த அர்த்தத்தை எடுத்து, 'தண்டாயுதம் உண்மையைத் தடுக்காது' என்று எழுதினார். எல்லாரும் தலையாட்டினோம். கவிதை மாதிரி இருந்தது. அதுவும் தப்புதான். மேஸ் என்பது முகத்துக்கு நேரே பீய்ச்சி அடிக்கிற ரசாயனத் திரவம், டப்பாவில் வருவது, கண்ணை எரித்துச் சுருட்டிவிடும். 1968 பிப்ரவரி 23 அன்று ஊர்வலம் போனவர்கள்மீது போலீஸ் அதை அடித்தது. அட்டை அந்த நாளைச் சொல்கிறது. அபத்தமாக வருகிற தப்பு பிடிபட்டுவிடும், அழகாக வருகிற தப்பு பிடிபடாது. கடைசியில் நாங்கள் எழுதியது: 'மூஞ்சில மருந்தடிச்சா உண்மை அடங்கிடுமா?' பூச்சிக்கு மருந்தடிக்கிற பழக்கம் நம்மிடம் இருப்பதால் அந்தக் கேவலமும் கூடவே வந்துவிட்டது. மூலத்தில் அது கேள்வி இல்லை, தமிழில் கேள்வியாக்கினோம். அந்த மாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பு.

மறுபடி முதல் படத்துக்கு வருகிறேன். கண்காட்சி இன்னும் ஒரு நாள் இருந்தது. பெரியவர் தன் கூட்டாளிகளோடு வந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்காகக் குப்பை லாரியின் பின்பக்கத்தில் ஒதுங்கியிருந்தார்கள் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் பழுதாகி ஓட ஆரம்பித்து இருவரையும் இழுத்து நசுக்கிக் கொன்றது. பிப்ரவரி 12இல் ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆதரவுக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி சங்கத்தை அங்கீகரித்து ஊதிய உயர்வுக்கும் ஒத்துக்கொண்டது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, 'பாய்' என்று கூப்பிட்ட கதையையும் சொன்னேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "அப்ப இது, டேய்னு கூப்பிட்டவனுக்குச் சொல்ற பதிலு" என்றார். பக்கத்திலிருந்த அம்மா, "டேய்க்கும் ஏய்க்கும்" என்று திருத்தினார்.

நான் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினோம். மேலே பெரிய எழுத்தில் 'மனுசன் நான்.' சொல்லை முன்னால் தூக்கிப் போட்டதில் அந்த அடிக்கோட்டின் அழுத்தம் ஓரளவு வந்தது. கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி: 'நரைத்த பிறகும் இவர்களைப் பையா என்றுதான் கூப்பிட்டார்கள். இது அதற்கான பதில்.' கீழே உள்ள வரிகள் இல்லாமல் மேலே உள்ளது நிற்காது. அதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. அந்த அம்மா சொன்ன 'ஏய்' எங்கள் சீட்டில் இன்னும் ஏறவில்லை, அந்தக் குறை அப்படியே இருக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. அட்டை வாசகத்தை மொழிபெயர்த்த பிறகு படித்துப் பாருங்கள். யாருமே மறுக்காத வாக்கியமாக அது வந்திருந்தால் எங்கோ கோட்டை விட்டிருக்கிறீர்கள். யாரும் மறுக்காததை யாரும் அட்டையில் எழுதி வெயிலில் தூக்கிப் பிடிக்க மாட்டார்கள். யார் எதைச் சொல்லி மறுத்தான் என்று தேடுங்கள். அந்த மீதிப் பாதி படத்துக்கு வெளியே இருக்கும்.