அரிவாளை முக்கிப் பாருங்க

ஒர்க்‌ஷீட்ல வழக்கமா வர்ற கேள்வி: மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால்? ஆணி மேல தாமிரம் செம்பழுப்பாகப் படியும். வினைதிறன் வரிசையில் இரும்பு தாமிரத்துக்கு மேலே இருக்கு. அது எலக்ட்ரானைச் சுலபமா விட்டுடும், தாமிர அயனி வாங்கிக்கும்.

இதே விடை நம்ம தென்னந்தோப்பிலும் உதவுது. குருத்தழுகலுக்குப் போர்டோ கலவை தெளிப்பாங்க: 1 கிலோ மயில்துத்தம் 50 லிட்டர் தண்ணியில், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு இன்னொரு 50 லிட்டரில், தனித்தனியா கரைச்சுக் கலக்கணும்.

தெளிக்கும் முன்னாடி பளபளப்பான அரிவாளை முக்குங்க. செம்பழுப்பு படிந்தால் கரைந்த தாமிரம் மிச்சம் இருக்கு, இலை கருகிடும். சுண்ணாம்புப் பால் இன்னும் சேருங்க. படியலைன்னா தெளிக்கலாம். ஆனா இரும்பு வாளியில் மட்டும் கலக்காதீங்க. வாளியே தாமிரத்தை இழுத்துக்கும்.