ஆண்டுச் சராசரியும் ஆண்டிறுதி வீதமும்

பங்காளிகளுக்கு ஆண்டுதோறும் அனுப்பப்படும் அறிக்கையைக் கையிலெடுப்பவர் பெரும்பாலும் இரண்டு ஏடுகளையே முதலிற் புரட்டிப் பார்க்கிறார். ஒன்று இலாபநட்டக் கணக்கு, மற்றது ஐந்தொகை. அந்தக் கம்பனிக்கு வெளிநாட்டில் ஒரு துணைக்கம்பனி இருக்குமாயின், துணைக்கம்பனியின் கணக்கு இவ்விரண்டு ஏடுகளிலும் இருவேறு வீதங்களில் ரூபாயாக்கப்பட்டிருக்கும். ஒரே டொலர் ஓர் ஏட்டில் 210 ரூபாயாகவும் மற்றோர் ஏட்டில் 300 ரூபாயாகவும் நிற்கும். இது தவறா, தந்திரமா, முறையா என்ற ஐயம் எழுவது இயல்பே.

இது முறைதான். அம்முறையின் காரணத்தை அறிய ஒரு குளத்தை நினைத்துக்கொண்டாற் போதும். குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று கேட்டால், எந்த நாளில் என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும். ஆண்டு முழுவதும் வாய்க்கால் வழியாக எவ்வளவு நீர் வந்தது என்ற கேள்வியோ ஒரு நாளைப் பற்றியதன்று. அது பல நாள்களின் கூட்டு. ஐந்தொகை குளத்தின் நீர்மட்டம் போன்றது. இலாபநட்டக் கணக்கு வாய்க்காலின் ஓட்டம் போன்றது. ஆகவேதான் சொத்துக்களும் பொறுப்புக்களும் ஐந்தொகை நாளின் வீதத்திலும், வருமானமும் செலவும் அவை எழுந்த நாள்களின் வீதத்திலும் மாற்றப்படுகின்றன. ஆயிரக்கணக்கான கொடுக்கல் வாங்கல்களுக்கு நாளுக்கு நாள் வீதம் தேடுவது கடினமாதலால், அதற்குப் பதிலாகச் சராசரி வீதத்தைக் கையாளலாம் என்று சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 21 அனுமதிக்கிறது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 21 அதனையே தழுவியது. ஆனால் அவ்வனுமதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. வீதம் பெரிதும் ஏறியிறங்கிய காலத்திற்குச் சராசரி பொருந்தாது.

அந்த நிபந்தனையின் பொருளை இலங்கைக் கணக்காளர் நேரிற் கண்ட ஆண்டு ஒன்றுண்டு. 2021 ஏப்பிரல் முதல் 2022 மார்ச் வரையான நிதியாண்டே அது. அவ்வாண்டின் பெரும்பகுதியில் டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாயாகவே இருந்தது. 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி நாணயமாற்று வீதத்தின் பிடியைத் தளர்த்தியது. அம்மாத முடிவில் டொலர் 300 ரூபாயை அண்மித்துவிட்டது. பதினொரு மாதம் அசையாதிருந்த வீதம் பன்னிரண்டாம் மாதத்தில் ஏறக்குறைய அரைப்பங்கு கூடியது. பல கம்பனிகளின் நிதியாண்டு முடிவதோ மார்ச் 31ஆம் திகதியில்.

இந்த ஆண்டை வைத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கொழும்புக் கம்பனியொன்றுக்கு மாலைதீவில் ஒரு விடுதி இருப்பதாகக் கொள்வோம். விடுதியின் அறைக்கட்டணமும் பெரும்பாலான செலவும் டொலரிலேயே நடைபெறுவதால், அதன் தொழிற்பாட்டு நாணயம் டொலர். ஆண்டின் தொடக்கத்தில் அதன் தேறிய சொத்து ஒரு கோடி டொலர். ஆண்டு இலாபம் 12 இலட்சம் டொலர். பங்கிலாபம் எதுவும் கொடுக்கப்படவில்லை. எனவே ஆண்டின் முடிவில் தேறிய சொத்து ஒரு கோடியே 12 இலட்சம் டொலர். வீதங்களைக் கணக்கின் எளிமைக்காக முழு எண்களாக வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் 200 ரூபாய்; முதற் பதினொரு மாதமும் 200 ரூபாய்; மார்ச் மாதச் சராசரி 260 ரூபாய்; இறுதி நாளில் 300 ரூபாய்.

இப்பொழுது 12 இலட்சம் டொலர் இலாபம் எத்தனை ரூபாய் என்பதே கேள்வி. இக்கேள்விக்கு நான்கு விடைகள் கிடைக்கக்கூடும்.

இறுதி வீதமாகிய 300 ரூபாயாற் பெருக்கினால் இலாபம் 36 கோடி ரூபாய். தொடக்க வீதத்தையும் இறுதி வீதத்தையும் கூட்டி இரண்டாற் பிரித்து, 250 ரூபாயே சராசரி என்று கொண்டால் 30 கோடி. பன்னிரண்டு மாத வீதங்களையும் கூட்டிப் பன்னிரண்டாற் பிரித்தால் சராசரி 205 ரூபாய். இலாபம் 24 கோடியே 60 இலட்சம். அந்தந்த மாத இலாபத்தை அந்தந்த மாத வீதத்தால் மாற்றினால் விடை வேறு. முதற் பதினொரு மாதத்திலும் 10 இலட்சம் டொலரும், உல்லாசப் பயணிகள் மிகுந்து வரும் மார்ச் மாதத்தில் 2 இலட்சம் டொலரும் கிடைத்ததாகக் கொண்டால், முன்னதற்கு 20 கோடியும் பின்னதற்கு 5 கோடியே 20 இலட்சமும் ஆகும். மொத்தம் 25 கோடியே 20 இலட்சம். ஒரு டொலருக்கு 210 ரூபாய் வீதம் விழுகிறது.

இந்நான்கினுள் உண்மைக்கு மிக அண்மையிலுள்ளது கடைசியாகச் சொன்னதே. விடுதி எப்பொழுது உழைத்ததோ அப்பொழுதிருந்த வீதத்தை அது பின்தொடர்கிறது. மூன்றாவது விடை ஓரளவு தாழ்ந்திருப்பதற்குக் காரணம், எல்லா மாதங்களிலும் இலாபம் சமமாக வந்ததென்று அது பாவனை செய்வதாகும். இரண்டாவது விடையே ஏமாற்றும் விடை. அதற்கும் சராசரி என்ற பெயர் வழங்குகிறது. ஆயினும் அது இரண்டே இரண்டு நாள்களின் சராசரி. 250 ரூபாய்க்கு மேல் டொலர் விற்றது அந்த ஆண்டின் கடைசி நாள்களில் மட்டுமே. வீதம் படிப்படியாக, ஒரே சீராக ஏறிய ஆண்டில் இக்குறுக்குவழி பெருந்தீங்கு செய்யாது. திடீரென்று பாய்ந்த ஆண்டில் இந்த உதாரணத்திலேயே ஏறக்குறைய 5 கோடி ரூபாயை இல்லாத இலாபமாகக் காட்டிவிடும்.

மாதச் சராசரிக்கும் ஓர் எல்லை உண்டு. மார்ச் முதல் வாரத்தில் 200 ரூபாயாக இருந்த வீதம் மாத முடிவில் 300 ரூபாயானது. அம்மாதக் கடைசியில் விடுதி தன் படகொன்றை விற்றிருந்தால், அவ்விலாபத்திற்கு மாதச் சராசரி பொருந்தாது. தனித்து நிற்கும் பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு அது நிகழ்ந்த நாளின் வீதமே உரியது.

இறுதி வீதத்தையே இரண்டு ஏடுகளுக்கும் வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகுமே என்று கேட்பவரும் உண்டு. அக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. 1983ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளிவந்த இருபதாம் இலக்கக் கணக்கீட்டு நியமம், இலாபநட்டக் கணக்கிற்கு இறுதி வீதம், சராசரி வீதம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க இடமளித்திருந்தது. எல்லாத் தொகைகளையும் ஒரே வீதத்தாற் பெருக்கினால், இலாபத்திற்கும் சொத்திற்குமுள்ள விகிதம் டொலர்க் கணக்கில் இருந்தபடியே ரூபாயிலும் இருக்கும் என்பது அதன் சார்பான வாதம்.

ஆனால் அதனால் வேறொரு குறை நேரும். விடுதி செப்டெம்பர் வரையான அரையாண்டில் 5 இலட்சம் டொலர் உழைத்ததாகவும், தாய்க்கம்பனி அதனை 10 கோடி ரூபாயென்று அறிவித்துவிட்டதாகவும் கொள்வோம். இறுதி வீத முறைப்படி மார்ச் முடிவில் அதே 5 இலட்சம் டொலர் 15 கோடி ரூபாயாகிவிடும். முடிந்துபோன அரையாண்டில் ஒரு விருந்தினர்கூடப் புதிதாக வரவில்லை. ஆயினும் அந்த அரையாண்டின் இலாபம் 5 கோடி ரூபாயால் வளர்ந்துவிடுகிறது. அந்த வளர்ச்சி விடுதியின் உழைப்பன்று, ரூபாயின் வீழ்ச்சி. இவ்விரண்டையும் ஒரே வரியிற் கலக்காதிருப்பதற்காகவே ஓட்டத்திற்கு ஒரு வீதமும் நிலைக்கு ஒரு வீதமும் வைக்கப்பட்டன.

இரண்டு வீதங்களைக் கையாண்டபின் ஐந்தொகை சமப்படுமா? தானாகச் சமப்படாது. தொடக்கத் தேறிய சொத்து 200 கோடி ரூபாய். அதனோடு இலாபம் 25 கோடியே 20 இலட்சத்தைக் கூட்டினால் 225 கோடியே 20 இலட்சம். ஆனால் ஆண்டிறுதித் தேறிய சொத்தை 300 ரூபாயால் மாற்றினால் 336 கோடி வருகிறது. இடையிலுள்ள 110 கோடியே 80 இலட்சமும் நாணய மாற்றத்தால் எழுந்த வேறுபாடு. இது இலாபநட்டக் கணக்கிற்குள் நுழைவதில்லை. ஏனைய விரிவான வருமானம் என்ற தலைப்பிற் காட்டப்பட்டு, நாணய மாற்று ஒதுக்கமாக மூலதனப் பகுதியிற் சேர்கிறது.

இவ்வேறுபாட்டைக் கணக்கைச் சமப்படுத்தச் செருகிய தொகை என்று விட்டுவிடலாகாது. கணக்கின் செம்மையைச் சோதிக்கும் உரைகல்லும் இதுவே. இத்தொகை இரண்டு கூறுகளாகப் பிரியவேண்டும். தொடக்கத்திலிருந்த ஒரு கோடி டொலரில், டொலருக்கு 100 ரூபாய் வீதம் 100 கோடி. இது முதற்கூறு. ஆண்டில் உழைத்த 12 இலட்சம் டொலர் இறுதி வீதத்தில் 36 கோடி. இலாபநட்டக் கணக்கில் ஏற்றியது 25 கோடியே 20 இலட்சம். எஞ்சிய 10 கோடியே 80 இலட்சம் இரண்டாவது கூறு. இரண்டையும் கூட்டினால் அதே 110 கோடியே 80 இலட்சம் வரவேண்டும். வராவிட்டால், ஏதோவொரு தொகை தவறான வீதத்தில் மாற்றப்பட்டிருக்கிறது என்பதே பொருள். பங்கிலாபத்தை அது அறிவிக்கப்பட்ட நாளின் வீதத்தில் மாற்றாமல் ஆண்டிறுதி வீதத்தில் மாற்றுவது இவ்வாறு அகப்படும் பிழைகளுள் ஒன்று.

இந்த 110 கோடிச் சொச்சம் பணமா என்பதே பங்காளி கேட்கவேண்டிய கேள்வி. அது கொழும்பிலுள்ள எந்த வங்கிக் கணக்கிலும் வந்து சேரவில்லை. மாலைதீவிலுள்ள கட்டிடமும் படகும் ரூபாய் அளவுகோலால் அளக்கப்பட்டபோது நீண்டு தெரிகின்றன, அவ்வளவே. அதை நம்பிப் பங்கிலாபம் பகிர முற்படும் கம்பனி, கையில் இல்லாத பணத்தைப் பகிர முற்படுகிறது. விடுதியையே ஒருநாள் விற்றுவிட்டால், அதுவரை சேர்ந்திருந்த ஒதுக்கம் இலாபநட்டக் கணக்கிற்கு மாற்றப்படும். அதுவரை அது ஒதுங்கியே நிற்கும்.

அடுத்த ஆண்டின் அறிக்கையைப் படிப்போருக்கு இன்னுமொரு பொறி காத்திருந்தது. 2022 ஏப்பிரலில் தொடங்கிய ஆண்டில் டொலரின் சராசரி 300 ரூபாயையும் தாண்டியது. விடுதி அவ்வாண்டிலும் அதே 12 இலட்சம் டொலரையே உழைத்திருந்தால், ரூபாயில் அது 36 கோடிக்கு மேலாகத் தோன்றும். முந்திய ஆண்டின் 25 கோடியே 20 இலட்சத்தோடு ஒப்பிட்டு, இலாபம் வளர்ந்துவிட்டதென்று மகிழ்வது பிழை. சராசரி வீதம் முறையாகவே கையாளப்பட்டிருக்கும். பிழை கணக்கிலன்று, ஒப்பீட்டில். டொலர்த் தொகையையும் அருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

வருமானமும் செலவும்கூட இறுதி வீதத்திலேயே மாற்றப்படும் ஒரு விதிவிலக்கு உண்டு. துணைக்கம்பனியின் நாணயம் மிகைப்பணவீக்கப் பொருளாதாரத்தின் நாணயமாக இருக்கும்போதே அது பொருந்தும். மூன்றாண்டுகளில் விலைகள் மொத்தமாக நூற்றுக்கு நூறு அளவில் ஏறுவது அந்நிலையின் முக்கிய அடையாளங்களுள் ஒன்று. துருக்கி 2022ஆம் ஆண்டில் அவ்வாறு கருதப்பட்டது. அங்கே வருமானமும் செலவும் முதலில் விலைச்சுட்டெண்ணின் துணையால் ஆண்டிறுதிப் பணமதிப்பிற்கு உயர்த்தப்படுகின்றன. பழைய மாதங்களின் பணம் இறுதி நாளின் பணமாக ஆக்கப்பட்டபின், அதற்கு இறுதி நாளின் வீதமே பொருந்துகிறது. விதி மாறியதுபோலத் தோன்றினும் அதன் அடிப்படை மாறவில்லை. எந்த நாளின் பணமோ, அந்த நாளின் வீதம்.

ஆகவே வெளிநாட்டுத் துணைக்கம்பனி உடைய ஓர் அறிக்கையைப் படிப்பவர், குறிப்புப் பகுதியில் சராசரி வீதமும் இறுதி வீதமும் எவையெனத் தேடிப் பார்க்கலாம். இரண்டும் அண்மித்திருந்தால் கவலையின்றி மேலே படிக்கலாம். இரண்டிற்கும் இடையில் அகன்ற வெளி இருந்தால், அந்தச் சராசரி எவ்வாறு பெறப்பட்டது என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்பது தகும்.